விளம்பரப் பங்கும் விற்பனைப் பங்கும்: சவலைப் பிரிவுகளைக் கண்டுபிடிக்கும் கணக்கு

பல பிரிவுகளில் பொருள் விற்கும் கடையில் விளம்பரப் பணம் எல்லாப் பிரிவுக்கும் ஒரே அளவில் போய்ச் சேருவதில்லை. எந்தப் பிரிவு எவ்வளவு விற்கிறது என்பது விற்பனைக் கணக்கில் இருக்கிறது. எந்தப் பிரிவுக்கு எவ்வளவு விளம்பரம் செய்யப்பட்டது என்பது விளம்பரக் கணக்கில் இருக்கிறது. பெரும்பாலான கடைகளில் இந்த இரண்டையும் பார்ப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். அதனால் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை நடப்பதே இல்லை. மொத்த விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் பிரிவுக்கு மொத்த விளம்பரத்தில் இருபதில் ஒரு பங்குகூடப் போகாமல் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். மொத்தக் கணக்கு லாபம் காட்டும்வரை அது யார் கண்ணிலும் படாது.

இதைக் கண்டுபிடிக்கும் கணக்கு எளிமையானது. ஒரு பிரிவு மொத்த விளம்பரச் செலவில் எத்தனை சதவீதம் பெறுகிறது என்று பார்த்து, அதை மொத்த வருவாயில் அந்தப் பிரிவின் சதவீதத்தால் வகுக்க வேண்டும். விடை 1 என்றால் விற்பனைக்கு ஏற்ற அளவில் விளம்பரம் கிடைக்கிறது. 1-ஐவிடக் கூடினால் விற்பனையைவிட விளம்பரத்தில் பெரிய பங்கு; குறைந்தால் சிறிய பங்கு. இந்த எண்ணைப் பங்கு விகிதம் என்று சொல்லலாம். கூட்டல், வகுத்தல் தெரிந்த எவரும் ஒரு மாலைப் பொழுதில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. எண்களைச் சரியாகத் திரட்டுவதும், வந்த விடையைச் சரியாகப் படிப்பதும்தான் இதில் உள்ள உண்மையான வேலை.

சமையலறைப் பொருட்களைச் சொந்த இணையதளத்தில் விற்கும் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆண்டு வருவாய் 2 கோடி ரூபாய். கூகுள் ஷாப்பிங் போன்ற இடங்களில் பொருள்வாரியாகச் செய்யும் விளம்பரத்துக்கு ஆண்டுக்கு 20 லட்சம் செலவு. வருவாயில் பத்தில் ஒரு பங்கு விளம்பரத்துக்குப் போகிறது என்பதால் உரிமையாளருக்கு இதில் எந்தக் குறையும் தெரியவில்லை. பிரிவுவாரியாகப் பிரித்தால் படம் இப்படி வருகிறது:

| பிரிவு | வருவாய் (லட்சம்) | வருவாய்ப் பங்கு | விளம்பரம் (லட்சம்) | விளம்பரப் பங்கு | பங்கு விகிதம் |
|---|---|---|---|---|---|
| மிக்ஸி, கிரைண்டர் | 80 | 40% | 11 | 55% | 1.38 |
| குக்கர், ஸ்டீல் பாத்திரம் | 50 | 25% | 5.6 | 28% | 1.12 |
| வார்ப்பிரும்பு தோசைக்கல், கடாய் | 36 | 18% | 1.2 | 6% | 0.33 |
| உதிரிபாகங்கள் (ஜார், கேஸ்கட், வெயிட்) | 24 | 12% | 0.4 | 2% | 0.17 |
| பித்தளை விளக்கு | 10 | 5% | 1.8 | 9% | 1.80 |

இந்த அட்டவணையை நிரப்புவதிலேயே மூன்று இடங்களில் தவறு நேரும். முதலாவது, பிரிவுகளின் பெயர். பில் போடும் மென்பொருளில் தோசைக்கல் ‘பாத்திரம்’ என்ற தலைப்பில் இருக்கும்; கூகுளுக்கு அனுப்பும் பொருள் பட்டியலில் அதே தோசைக்கல்லின் product_type வேறாக இருக்கும். இரண்டு பட்டியலிலும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே குறியீட்டு எண் இருந்தால், அதை வைத்து இரண்டையும் ஒரே பிரிவுக்குக் கொண்டுவந்துவிடலாம். எண் பொருந்தாத பொருட்களை ‘இதர’ என்று ஒதுக்கினால், கவனிக்கப்படாத சரக்கு பெரும்பாலும் அதற்குள் போய் மறைந்துவிடும்.

இரண்டாவது, எந்த வருவாய் என்பது. ஜிஎஸ்டி நீக்கி, திரும்பி வந்த பொருட்களைக் கழித்து, முழுதாகப் பன்னிரண்டு மாதத்துக்கு எடுக்க வேண்டும். கார்த்திகை தீபத்துக்கு முந்தைய ஒரு மாதத்தை மட்டும் பார்த்தால் பித்தளை விளக்கு பெரிய பிரிவாகத் தெரியும். ஏப்ரல் மாதத்தில் பார்த்தால் அது இருப்பதே தெரியாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விளம்பரத் தளம் தன் திரையில் காட்டும் வருவாயை இங்கே பயன்படுத்தக் கூடாது. விளம்பரத்தைக் கிளிக் செய்தவர்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் வாங்கியதை மட்டுமே அது காட்டும். கூகுளில் வழக்கமான கெடு 30 நாள். அந்த எண்ணை எடுத்துக்கொண்டால், விளம்பரமே கிடைக்காத பிரிவுக்கு வருவாயும் குறைவாகத்தான் தெரியும். விளம்பரப் பங்கும் குறைவு, வருவாய்ப் பங்கும் குறைவு, பங்கு விகிதம் 1-க்குப் பக்கத்தில் என்று கணக்கு முடிந்துவிடும். தேடி வந்த குறையைக் கணக்கே மூடிவிட்டது என்று அர்த்தம். ஆகவே கடையின் பில் புத்தகத்தில் உள்ள முழு வருவாயே அடிப்படை.

மூன்றாவது, எந்தப் பொருளுக்கும் உரியதல்லாத விளம்பரம். கடையின் பெயரை மட்டும் காட்டும் வீடியோ, முகப்புப் பக்கத்துக்கு அழைத்துப் போகும் ஃபேஸ்புக் விளம்பரம் போன்றவை இதில் சேரும். இவற்றைப் பிரிவுகளின் வருவாய்க்கு ஏற்பப் பங்கு போட்டுச் சேர்ப்பது கணக்காளர்களின் வழக்கம். வருடக் கணக்கு முடிப்பதற்கு அது சரி. இங்கே அது கெடுதல். வருவாய்க்கு ஏற்பப் பங்கிட்ட பணம் எல்லாப் பிரிவின் விகிதத்தையும் 1-ஐ நோக்கி இழுத்துக்கொண்டு போகும். இந்தப் பணத்தைத் தனி வரியில் வைத்துக் கணக்குக்கு வெளியே விடுவதே நல்லது. மேலே உள்ள 20 லட்சத்தில் அது சேர்க்கப்படவில்லை.

அட்டவணை தயாரானதும் 0.33, 0.17 என்ற எண்களைக் கண்டு அந்த இரண்டு பிரிவுகளுக்கும் பணத்தைத் திருப்பிவிடக் கை துறுதுறுக்கும். விகிதம் 1 ஆக இருப்பதே சரி என்ற எண்ணம் அதற்கு அடியில் இருக்கிறது. அந்த எண்ணத்துக்குப் பொருளாதாரத்தில் ஆதாரம் இல்லை. ராபர்ட் டார்ஃப்மன், பீட்டர் ஸ்டைனர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1954-இல் இந்தக் கேள்விக்கு ஒரு விடை தந்தார்கள். விற்பனையில் எத்தனை சதவீதத்தை விளம்பரத்துக்குச் செலவிட வேண்டும் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது என்பதே அந்த விடையின் சாரம். ஒன்று, ஒரு ரூபாய் விற்பனையில் கையில் நிற்கும் லாபம். மற்றது, விளம்பரத்தைக் கூட்டினால் விற்பனை எவ்வளவு அசைகிறது என்பது. லாபம் அதிகமாகவும் விளம்பரத்துக்கு விற்பனை நன்றாக அசைவதாகவும் உள்ள பொருளுக்கு விகிதம் 1-ஐத் தாண்டி இருப்பதே முறை. லாபமும் மெலிந்து, விளம்பரம் செய்தாலும் செய்யாவிட்டாலும் அதே அளவு விற்கும் பொருளுக்கு 0.2 கூட அதிகமாக இருக்கலாம். எனவே பங்கு விகிதம் எங்கே போய்க் கேள்வி கேட்க வேண்டும் என்று கைகாட்டும். எவ்வளவு பணம் மாற்ற வேண்டும் என்பதை அது சொல்லாது.

லாபத்தைச் சேர்ப்பது அடுத்த வேலை. கொள்முதல் விலையை மட்டும் கழித்தால் போதாது. வார்ப்பிரும்பு தோசைக்கல் எடை மிகுந்தது. கூரியர் கட்டணம் அதன் விலையில் நல்ல பங்கை விழுங்கும். வழியில் கீழே விழுந்தால் வார்ப்பிரும்பு வளையாது, உடையும். உடைந்ததற்குப் பதில் இன்னொன்று அனுப்ப வேண்டும். பேக்கிங், கூரியர், உடைசல், பணப் பரிமாற்றக் கட்டணம் எல்லாம் கழித்து, விளம்பரத்தை மட்டும் கழிக்காமல் வைத்தால், இந்தக் கடையில் ஒவ்வொரு நூறு ரூபாய் விற்பனையிலும் மிக்ஸிக்கு 15 ரூபாய், குக்கருக்கு 20, தோசைக்கல்லுக்கு 40, உதிரிபாகத்துக்கு 45, விளக்குக்கு 28 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மிக்ஸிப் பிரிவு ஆண்டில் தருவது 12 லட்சம், குக்கர் 10 லட்சம், வார்ப்பிரும்பு 14.4 லட்சம், உதிரிபாகம் 10.8 லட்சம், விளக்கு 2.8 லட்சம். கூட்டினால் 50 லட்சம்.

வருவாயில் 18 சதவீதமாகத் தெரிந்த வார்ப்பிரும்பு, லாபத்தில் கிட்டத்தட்ட 29 சதவீதம். கடையிலேயே அதிக லாபம் தரும் பிரிவு அதுதான். அதற்குக் கிடைக்கும் விளம்பரம் 6 சதவீதம். மறுபக்கம், மிக்ஸி தரும் 12 லட்சத்தில் 11 லட்சம் விளம்பரத்துக்கே போய்விடுகிறது. கடையின் முகமாக இருக்கும் பிரிவில், வருடம் முழுக்க உழைத்த பிறகு மிஞ்சுவது ஒரு லட்சம்.

தோசைக்கல் இப்படி ஒதுக்கப்பட்டதற்கு யாரும் திட்டம் போடவில்லை. இணைய விளம்பரத்தில் இது தானாக நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. கூகுளில் ஒருவர் எதையாவது தேடும் ஒவ்வொரு முறையும் விளம்பர இடத்துக்கு ஒரு ஏலம் நடக்கிறது. கடைக்காரர் ஒவ்வொரு ஏலத்திலும் விலை கேட்பதில்லை. ஒரு ரூபாய் விளம்பரத்துக்கு இத்தனை ரூபாய் விற்பனை வேண்டும் என்று ஒரு இலக்கைக் கொடுத்துவிடுகிறார். 500% என்று கொடுத்தால், ஒரு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் விற்பனை வரும்படி ஏல விலையைத் தளம் பார்த்துக்கொள்ளும். எல்லாப் பொருட்களையும் ஒரே பிரச்சாரத்தில் போட்டு ஒரே இலக்கைக் கொடுப்பது பரவலான வழக்கம்.

5,000 ரூபாய் மிக்ஸி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் விளம்பரத்தைக் கிளிக் செய்யும் ஆயிரம் பேரில் 15 பேர் வாங்குகிறார்கள் என்றால், ஒரு கிளிக்கின் சராசரி விற்பனை மதிப்பு 75 ரூபாய். 500% இலக்கின்படி தளம் ஒரு கிளிக்குக்கு 15 ரூபாய் வரை தரும். ஆனால் அந்த 75 ரூபாயில் கடைக்கு நிற்கும் லாபம் 11.25 ரூபாய்தான். இலக்கு சரியாக எட்டப்படும் ஒவ்வொரு கிளிக்கிலும் 3.75 ரூபாய் கைநஷ்டம்.

அடுத்து, 900 ரூபாய் தோசைக்கல். ஆயிரம் கிளிக்குக்கு 20 பேர் வாங்கினால் ஒரு கிளிக்கின் மதிப்பு 18 ரூபாய். அதே 500% இலக்கில் தளம் தரக்கூடியது 3.60 ரூபாய். இதில் கடைக்கு நிற்கும் லாபமோ 7.20 ரூபாய். அந்தத் தேடலில் மற்ற கடைகள் 5 ரூபாய் கேட்கின்றன என்றால், 7.20 வரை கொடுக்கச் சக்தி உள்ள கடை 3.60-உடன் நின்று ஒவ்வொரு ஏலத்திலும் தோற்றுக்கொண்டே இருக்கும். கிடைத்த சில கிளிக்குகளை வைத்துப் பார்த்தால் தோசைக்கல் விளம்பரத்தின் பலன் அமோகமாகத் தெரியும். செலவு மட்டும் உயரவே உயராது. ஒரே இலக்கு மிக்ஸிக்குத் தாராளம், தோசைக்கல்லுக்குக் கஞ்சம். அடுத்த குழந்தை வந்ததும் தாய்ப்பால் நின்றுபோன சவலைப் பிள்ளையைப் போல, லாபமான பிரிவு மெலிந்துகொண்டே வருகிறது.

இதுதான் காரணமா என்று சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. கூகுள் விளம்பரக் கணக்கில், தோன்றியிருக்கக்கூடிய வாய்ப்புகளில் எத்தனை சதவீதம் தவறிப்போனது, ஏன் தவறியது என்று இரண்டு தனி எண்களைப் பார்க்கலாம். பட்ஜெட் தீர்ந்ததால் தவறியது ஒன்று. ஏலத்தில் தோற்றதால் தவறியது மற்றொன்று. இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் கோளாறு இலக்கில் இருக்கிறது. முதல் எண் பெரிதாக இருந்தால் மற்றப் பிரிவுகள் பட்ஜெட்டைத் தின்றுவிடுகின்றன. இரண்டும் சிறிதாக இருந்து செலவும் சிறிதாக இருந்தால், அந்தப் பொருட்கள் ஏலத்துக்கே போகவில்லையா என்று சந்தேகிக்க வேண்டும். விலை பொருந்தாதது, படத்தில் எழுத்து இருப்பது, தேவையான விவரம் விடுபட்டது போன்ற காரணங்களால் பொருட்கள் பட்டியலிலிருந்து நிராகரிக்கப்படுவது உண்டு. ஒரு பிரிவு முழுவதும் மாதக்கணக்கில் நிராகரிக்கப்பட்டுக் கிடந்தாலும், மற்றப் பிரிவுகள் ஓடுவதால் யாரும் கவனிப்பதில்லை. இந்தக் குறையைச் சரிசெய்யக் கூடுதல் பணமே தேவையில்லை.

உதிரிபாகத்தின் 0.17 வேறு கதை. குக்கர் கேஸ்கட்டையும் மிக்ஸி ஜாரையும் வாங்குபவர்கள் யார் என்று பில்களைப் புரட்டினால், பெரும்பாலோர் அதே கடையில் முன்பு குக்கரோ மிக்ஸியோ வாங்கியவர்கள் என்று தெரிய வரும். ஜார் உடைந்ததும் அவர்களே மாடல் எண்ணைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். மிக்ஸி விற்ற அன்றே ஜாருக்கான விளம்பரமும் முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம். அதாவது உதிரிபாகம் தரும் 10.8 லட்சத்தில் ஒரு பகுதியை மிக்ஸி, குக்கரின் பெயரில்தான் எழுத வேண்டும். மிக்ஸி விளம்பரம் ஒரு லட்சம்தான் மிச்சம் வைக்கிறது என்ற தீர்ப்பும் இதனால் கொஞ்சம் இளகுகிறது. இதை அளக்க, ஓராண்டுக்கு முன் முதன்முறையாக மிக்ஸி வாங்கியவர்கள் அடுத்த பன்னிரண்டு மாதத்தில் வேறு என்னென்ன வாங்கினார்கள் என்று கூட்டிப் பார்க்க வேண்டும். தோசைக்கல்லுக்கு இதே சோதனையைச் செய்தால், புதிய வாடிக்கையாளரின் முதல் பில்லிலேயே அது தனியாக வருவது தெரியலாம். அப்படித் தெரிந்தால், அந்தப் பிரிவு இன்னொன்றின் நிழலில் விற்கவில்லை, சொந்தக் காலில் நிற்கிறது என்று முடிவுகட்டலாம்.

பித்தளை விளக்கின் 1.80 எதிர்ப்பக்கத்து எச்சரிக்கை. அது கடைக்குப் புதிய பிரிவு என்றால், விகிதம் 1-க்கு மேல் இருப்பதில் குற்றம் இல்லை. நீல்சன் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் பெக்கம், கடைவிற்பனைத் தரவுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து ஒரு கைக்கணக்கு சொன்னார். புதிய பிராண்டு ஒன்று இரண்டாண்டு முடிவில் சந்தையில் எவ்வளவு பங்கை எட்ட விரும்புகிறதோ, அதைப்போல் ஒன்றரை மடங்கு விளம்பரப் பங்கை அதுவரை தாங்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. அவர் சொன்னது சந்தை முழுவதிலும் போட்டியிடும் பிராண்டுகளைப் பற்றி. ஒரே கடைக்குள் உள்ள பிரிவுகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் வளரும் பொருளுக்கு விளம்பரம் விற்பனையை முந்திப் போக வேண்டியிருக்கும் என்ற அளவில் அது பொருந்தும். அதற்கு ஒரு கெடு இருக்க வேண்டும். ஐந்தாண்டாக 1.80-இல் நிற்கும் பிரிவைப் புதிய பிரிவு என்று சொல்ல முடியாது.

இந்தக் கணக்கின் மிகப் பெரிய ஓட்டை எதிலும் குறை தெரியாத இடத்தில் இருக்கிறது. வருவாயில் 2 சதவீதம், விளம்பரத்திலும் 2 சதவீதம் என்று ஒரு பிரிவு இருந்தால் விகிதம் 1. அட்டவணையில் அது ஆரோக்கியமாகத் தெரியும். ஆனால் அதன் விற்பனை 2 சதவீதத்தில் நிற்பதற்கு விளம்பரமே இல்லாததுகூடக் காரணமாக இருக்கலாம். கடைக்குள் உள்ள எண்களை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. வெளியே இருக்கும் தேவையைப் பார்க்க வேண்டும். பணியாரக்கல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதைக் கூகுளின் Keyword Planner ஏறக்குறையச் சொல்லும். தேடியவர்களில் எத்தனை பேருக்குக் கடையின் பக்கம் விளம்பரம் இல்லாமலே தோன்றியது என்பதை Search Console சொல்லும். பணியாரக்கல் தேடல் கடாய் தேடலில் பாதி அளவு இருந்து, கடையில் பணியாரக்கல் விற்பனை கடாயில் இருபதில் ஒரு பங்காக இருந்தால், விகிதம் என்ன சொன்னாலும் அது கவனிக்கப்படாத சரக்குதான்.

தோசைக்கல்லுக்கு விளம்பரத்தைக் கூட்டலாம் என்ற முடிவுக்கு இவ்வளவு சான்று போதும். எவ்வளவு கூட்டலாம் என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும். அதற்கு அந்தப் பொருட்களைத் தனிப் பிரச்சாரமாகப் பிரித்து, தனி பட்ஜெட்டும் தனி இலக்கும் கொடுக்க வேண்டும். 40 சதவீத லாபத்தில் ஒரு ரூபாய் விளம்பரத்துக்கு இரண்டரை ரூபாய் விற்பனை வந்தால் வரவும் செலவும் சமம். எனவே இலக்கு 250%-க்கு மேல் எங்காவது இருக்கலாம், 300% நல்ல தொடக்கம். பிறகு, கடந்த காலத்தில் ஏறக்குறைய ஒரே அளவு தோசைக்கல் விற்ற ஊர்களை இரண்டு தொகுதியாகப் பிரித்து, ஒரு தொகுதிக்கு மட்டும் கூடுதல் விளம்பரம் காட்ட வேண்டும். ஊர்வாரியாக விளம்பரத்தைக் காட்டும் வசதி எல்லாப் பெரிய தளங்களிலும் இருக்கிறது.

இரண்டு தொகுதியும் வழக்கமாக வாரத்துக்கு 30,000 ரூபாய்க்கு வார்ப்பிரும்பு வாங்குபவை என்று கொள்வோம். முதல் நான்கு வாரம் ஒரு தொகுதியில் மட்டும் 10,000 ரூபாய் கூடுதலாகச் செலவிடப்படுகிறது. அங்கே விற்பனை 1.64 லட்சம், விளம்பரம் கூட்டாத தொகுதியில் 1.24 லட்சம். வித்தியாசம் 40,000, அதில் லாபம் 16,000, விளம்பரம் போக மிச்சம் 6,000. அடுத்த நான்கு வாரத்தில் கூடுதல் செலவு இரட்டிப்பாகி 20,000 ஆகிறது. விற்பனை 1.70 லட்சத்துக்கு 1.25 லட்சம், வித்தியாசம் 45,000, லாபம் 18,000, இப்போது 2,000 நஷ்டம். செலவு இரண்டு மடங்கானபோது கூடுதல் விற்பனை 5,000 ரூபாய்தான் உயர்ந்தது. வாங்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் முதல் கட்டத்திலேயே பெரும்பாலும் வந்துவிட்டார்கள். முதல் கட்டத்தின் அளவை எல்லா ஊருக்கும் விரித்தால் ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் ஆகிறது. வார்ப்பிரும்பின் விளம்பரம் 1.2 லட்சத்திலிருந்து 4.2 லட்சம் வரை போவதை இந்தச் சோதனை தாங்கும். இரட்டிப்பு அளவை விரித்து ஆண்டுக்குக் கூடுதலாக 6 லட்சம் என்று போனால் தாங்காது.

இப்படி ஒப்புத் தொகுதி வைக்காமல் விளம்பரத் தளத்தின் திரையை மட்டும் நம்பினால் எண் வேறாக இருக்கும். எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவர்கள் விளம்பரத்தின் மேல் கிளிக் செய்துவிட்டு வாங்கினால், அந்த விற்பனையையும் தளம் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். ஈபே நிறுவனம் 2012-இல் அமெரிக்காவில், தன் பெயரைச் சேர்த்துத் தேடுபவர்களுக்குக் காட்டிய விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. தாமஸ் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் ஆகிய ஆய்வாளர்கள் அதன் விளைவை அளந்தபோது, விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இலவசத் தேடல் முடிவு வழியாக வந்துவிட்டார்கள். மிக்ஸிக்குச் செலவாகும் 11 லட்சத்திலும் கடையின் பெயரையே தட்டித் தேடியவர்களுக்குக் காட்டிய விளம்பரம் ஒரு பகுதியாக இருக்கும். தோசைக்கல்லுக்கு வேண்டிய பணத்தைத் தேட வேண்டிய முதல் இடம் அதுதான். மிக்ஸி விளம்பரத்தை எங்கே குறைத்தாலும், அதே இரண்டு தொகுதி முறையில் சில ஊர்களில் மட்டும் குறைத்து, மிக்ஸியோடு உதிரிபாக விற்பனையும் விழுகிறதா என்று பார்த்த பின்பே மற்ற ஊர்களுக்குப் போக வேண்டும்.

சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. சிறிய கடையில் வார விற்பனை தானாகவே மேலும் கீழும் ஆடும். சோதனைக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் எந்தக் கூடுதல் விளம்பரமும் இல்லாமலே இரண்டு தொகுதிக்கும் இடையில் நான்கு வார விற்பனை 15 சதவீதம் வரை வேறுபட்டிருந்தால், பிறகு தெரியும் 10 சதவீத உயர்வை விளம்பரத்தின் பலன் என்று சொல்ல முடியாது. மேலே வந்த 40,000 வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் என்பதால் நம்பலாம். ஆண்டுக்கு இரண்டு லட்சம் விற்கும் பிரிவில் இந்த முறை எதையும் காட்டாது. அங்கே லாப விகிதத்தையும் ஏலக் கணக்கையும் வைத்து நிதானமாக முடிவெடுப்பதே வழி.

பணத்தை மாற்றியபின் அது நிலைக்க, ஒரே இலக்கு என்ற பழைய ஏற்பாடு போக வேண்டும். கூகுளுக்கு அனுப்பும் பொருள் பட்டியலில் custom_label_0 முதல் custom_label_4 வரை ஐந்து காலி இடங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றில் பொருளின் லாப அளவை ‘குறைவு’, ‘நடுத்தரம்’, ‘அதிகம்’ என்று குறித்து, ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கு கொடுக்கலாம். இந்தக் கடையில் மிக்ஸியின் இலக்கு 670%-ஐ ஒட்டி இருந்தால்தான் நஷ்டம் நிற்கும்; உதிரிபாகத்தால் பின்னர் வரும் லாபத்தைச் சேர்த்தால் அதைவிடச் சற்று இறக்கலாம். இன்னும் கொஞ்சம் உழைப்பவர்கள், ஒவ்வொரு விற்பனைக்கும் பில் தொகைக்குப் பதிலாக லாபத் தொகையையே விளம்பரத் தளத்துக்கு அனுப்புகிறார்கள். அப்போது 5,000 ரூபாய் மிக்ஸி 750 ரூபாயாகவும், 900 ரூபாய் தோசைக்கல் 360 ரூபாயாகவும் ஏலத்துக்குத் தெரியும். எல்லாப் பிரிவுக்கும் ஒரே இலக்கு கொடுத்தாலும் பாகுபாடு வராது. ஆனால் இதற்குக் கொள்முதல் விலை மாறும்போதெல்லாம் எண்களைப் புதுப்பிக்க வேண்டும். வார்ப்பட ஆலை விலையேற்றிய பிறகும் பழைய லாபமே போய்க்கொண்டிருந்தால், தோசைக்கல்லின் ஏலம் நஷ்டத்தில் ஓடும்.

இருப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்புச் சரக்கு ஆர்டர் கொடுத்த அன்றே வந்துவிடாது. விளம்பரம் மும்மடங்கான மாதத்தில் 10 அங்குல தோசைக்கல் தீர்ந்துபோனால் அந்தப் பிரிவின் வருவாய் சரியும், விகிதம் ஏறும், விளம்பரம் பலிக்கவில்லை என்று அட்டவணை சொல்லும். ஆகவே அட்டவணையில் ஒவ்வொரு பிரிவுக்கும் சரக்கு தீர்ந்திருந்த நாட்களுக்கு ஒரு பத்தி ஒதுக்குவது அவசியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கடந்த பன்னிரண்டு மாதக் கூட்டுத்தொகையை வைத்து இதே அட்டவணையை மறுபடி போட்டால் பருவத்தின் ஏற்ற இறக்கம் கணக்கைக் குழப்பாது.